நேரான கதவும் கோணல் கோட்டும்

அந்தப் புகைப்பட நிலையத்தில் படங்களைத் திருத்துகிற அம்மையாருக்கு நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. திரையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் அதில் நிற்கும் ஆளை அவர் முதலில் பார்க்கமாட்டார். ஆளுக்குப் பின்னால் நிற்கும் கதவைத்தான் பார்ப்பார். மணப்பெண் நாணிக்கொண்டு நின்றாலும் சரி, காவல்துறை அதிகாரி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றாலும் சரி, கதவுக்கு வணக்கம் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு முறை வரும். மனிதர்கள் கூனுவார்கள், நிமிர்வார்கள், வயிற்றை எக்குவார்கள். கதவுச் சட்டத்துக்கு அந்தப் பாசாங்கெல்லாம் தெரியாது என்பது அவருடைய கட்சி.

இந்த வழக்கம் கடையோடு நிற்கவில்லை. உறவினர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரில் மாட்டிய படங்களை நேர்ப்படுத்திவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் படத்தை இடப்பக்கம் இம்மியளவு தூக்கிவைத்துவிட்டுத்தான் அழத் தொடங்கினார் என்று அவருடைய தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அக்காவுக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர் சூட்டியவனும் அவனே. கொத்தனார்கள் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைக்கும், குமிழி ஓடும் அந்தச் சிறு கருவியின் பெயர் அது. அம்மையாருக்கு அதில் கோபமில்லை. உள்ளூரப் பெருமைதான்.

தம்பிதான் அங்கே படம் எடுப்பவன். நல்ல கைகாரன், ஆனால் கை ஒருநாளும் நேராக நின்றதில்லை. கடையோ இடுப்பொடிந்த கடை. வாசலிலிருந்து பின்சுவர்வரை நான்கு எட்டு வைத்தால் மூக்கு இடிக்கும். அவ்வளவு அருகில் நின்று ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமானால் அகலமாகப் பிடிக்கும் வைடு லென்ஸைப் போட வேண்டும், கொஞ்சம் குனிந்து கேமராவை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் என்ன ஆகும்? கால்கள் கொக்குக்கு இருப்பதுபோல் நீளும். தலை எலுமிச்சம்பழமாகச் சுருங்கும். ஆள் பின்பக்கமாக விழப்போகிறவர்போல் நிற்பார். பின்னால் உள்ள கதவின் இரு சட்டங்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். அதோடு தம்பியின் கைவாகில் படம் முழுவதும் ஒருநாள் இப்படியும் மறுநாள் அப்படியும் சாயும்.

இவ்வளவையும் மனித உருவுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் அக்காவின் தொழில். கணினியில் சாய்வைத் திருத்தும் பெர்ஸ்பெக்டிவ் கருவியைத் திறந்து, கதவின் இடச்சட்டத்தை ஒட்டி ஒரு கோடு, வலச்சட்டத்தை ஒட்டி ஒரு கோடு போடுவார். ‘இவை இரண்டும் உண்மையில் செங்குத்தானவை’ என்று கணினிக்கு அறிவிப்பது அது. கணினி சொன்ன பேச்சைக் கேட்டுப் படத்தின் மேற்பகுதியை விரித்து, சாய்ந்ததைத் திருப்பி, இரு சட்டங்களையும் நிமிர்த்திவிடும். படத்தின் ஓரங்களில் வெற்று முக்கோணங்கள் விழும். அவற்றை வெட்டி எறிவார். மேற்பகுதியை விரிக்கும்போது ஆள் வேண்டாத உயரத்துக்கு வளர்ந்திருப்பார். உடனே கதவின் உண்மையான அகலத்தையும் உயரத்தையும் கணக்கில் வைத்து, படத்தின் உயரத்தை அளவோடு அமுக்குவார். எலுமிச்சம்பழம் மறுபடியும் தலையாகும்.

“ஓரத்துல இடம் விட்டு எடுடான்னு எத்தனை தடவை சொல்றது? நிமிர்த்தினா இவரோட முழங்கை வெட்டுல போகுது.”

“போகட்டும்க்கா. அவரு தர்ற முன்பணத்துக்கு ஒரு கை போதும்.”

இப்படித்தான் அக்காவும் தம்பியும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எங்கும் திறக்காத கதவு. வெறும் திரைக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் கோடு போட ஒரு நேரான பொருள் கிடைக்கவில்லை என்று அக்கா தச்சரிடம் சொல்லிச் செய்வித்த, சட்டமும் பலகையும் மட்டுமுள்ள கதவு. நான்கு மூலைகளிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் தச்சரின் உயிரை வாங்கி, பின்சுவர் ஓரத்தில் தரையில் ஊன்றிக் கம்பளம் விரித்தார். “இந்த ஊர்ல நேரான பொருள்னு ஒண்ணு இருந்தா அது இந்தக் கதவுதான்” என்று அன்றே அறிவித்தும்விட்டார். கடையில் ஒரேயொரு குறை, தம்பி உட்காரும், அடியில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. எங்கே விட்டாலும் தானாக உருண்டு வலப்புறச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும். சக்கரத்தில் கோளாறு என்று மூன்று முறை சக்கரம் மாற்றியும் அது தன் குணத்தை விடவில்லை.

இந்த நிலையில்தான் துணிக்கடை முதலாளி புதிய விற்பனைக்கூடம் திறக்க ஏற்பாடு செய்தார். ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பக்கம். அளவெடுத்துத் தைப்பதற்கு மறுபக்கம். தையல் பக்கத்துக்குத் தலைமை வெட்டுநராக யாரை வைப்பது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ‘கத்திரி’ என்று அழைக்கப்பட்ட தையற்காரர்தான் அந்த இடத்துக்குரியவர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்பாக அவரே சொன்னார். துணியை வெட்டுவதுபோலவே பேச்சையும் வெட்டுவார் என்பதால் அந்தப் பெயர். சன்னல் ஓரம் அவருக்கென ஒரு நீண்ட வெட்டுமேசை போடப்பட்டிருந்தது. முதலாளிக்கு முழங்கால்வரை நீளும் ஒரு நீளக்கோட்டு அவர் தைக்க வேண்டும். முதலாளி அதை அணிந்து நிற்கும் ஆளுயரப் படத்தைக் கூடத்தின் வாசலில் வைக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்து ஊர் மயங்க வேண்டும். மேசை கத்திரிக்கு நிலைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கோட்டு தயாரானது. முதலாளி கதவின் முன் நின்றார். தம்பி தரையோடு தரையாகக் குனிந்தான்.

“மொதலாளி, கால முன்னால நீட்டாதீங்க. கேமராவுக்குப் பக்கத்துல வர்றது படகு மாதிரி தெரியும். எங்கக்கா கதவ நிமித்துவா, உங்க பூட்ஸ சின்னதாக்க அவளாலயும் முடியாது.”

முதலாளி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அக்கா வழக்கப்படி கதவுக்குக் கோடு போட்டார்; நிமிர்த்தினார்; அமுக்கினார்; வெட்டினார். ஆளுயரத்தில் அச்சாகி வந்த படத்தைக் கூடத்தின் வாசலில் நிறுத்தியபோது கடைச் சிப்பந்திகள் கைதட்டினார்கள். முதலாளியின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கத்திரியின் கழுத்திலிருந்த அளவுநாடாவையே உருவி, படத்தில் தரையிலிருந்து கோட்டின் கீழ்விளிம்புவரை இரு பக்கமும் அளந்தார்.

“இவரோட வலது பக்கம் ஒரு விரலுக்கு மேல எறங்கியிருக்கு. தோளும் அந்தப் பக்கம் தொங்குது. ஏன் தையக்காரரே, வாசல்ல வெச்சு ஊர் சிரிக்கறதுக்கா தச்சீங்க?”

கத்திரிக்கு முகம் சிவந்தது. “அளவு தப்பறதா? என் கையிலயா? கோட்டப் போட்டுக் கண்ணாடியில பாக்கச் சொல்லுங்கம்மா!”

முதலாளி கோட்டைப் போட்டுக் கண்ணாடியின் முன் நின்றார். கோட்டு குறையில்லாமல் நின்றது.

“கண்ணாடியப் பாத்ததும் நீங்க தோளத் தூக்கிக்கறீங்க,” என்றார் மனைவி. “படத்துல ஏமாத்த முடியாது.”

எல்லோருடைய பார்வையும் அக்காவின் பக்கம் திரும்பியது. படத்தைப் பற்றிய வழக்கில் அவர்தானே தீர்ப்புச் சொல்ல உரியவர்? அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“படத்துல தப்பே கெடையாதுங்க. கதவப் பாருங்க, நூல் புடிச்ச மாதிரி நிக்குது. தரையப் பாருங்க, தட்டு மாதிரி கெடக்குது. கதவும் நேரு, தரையும் நேரு. அப்ப மிச்சம் இருக்கறதுலதான் கோணல்.”

“மிச்சம்னா?” என்று கேட்டார் முதலாளி.

மிச்சம் இரண்டே பொருள்கள்தாம்: ஒன்று கோட்டு, மற்றொன்று முதலாளி. இந்த இடத்தில் கத்திரி வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் கத்திரி என்பது மூடினால் வெட்டும் பொருள். திறந்தாலும் வெட்டுவதற்கே திறக்கும்.

“கோட்டு நேருங்க. நான் சத்தியம் பண்றேன். அப்ப நீங்கதான் கோணல்.”

சிப்பந்தி ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக வெளியேறியது.

“நான் கோணலா?” என்றார் முதலாளி, மிக மெதுவாக. “சரி. கோணலான ஆளுகிட்ட நீங்க வேல பாக்க வேண்டாம். ரெடிமேட் கோட்டு ஒண்ணு வரவழைக்கறேன். அதப் போட்டுக்கிட்டு இன்னொரு படம். மேசைய அட்டைப்பெட்டி அடுக்க எடுத்துக்கங்கப்பா.”

கத்திரி நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் அக்காவின் முன் நின்றார்.

“என் மேசைய வாங்கிட்டியே தங்கச்சி. ஒரு கதவுக்காக.”

“கதவு பொய் சொல்லாதுண்ணே,” என்றார் அக்கா. கடுமையாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் கத்திரிக்கு இன்னும் எரிந்தது.

ஆயத்தக் கோட்டு வந்தது. வெளியூரில் இயந்திரம் வெட்டி, இயந்திரம் தைத்து, இயந்திரமே மடித்து அனுப்பிய கோட்டு. முதலாளி மீண்டும் கதவின் முன் நின்றார். கோணல் என்ற சொல் மனத்தில் தைத்திருந்ததால் இந்த முறை வலத்தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டார்.

“மொதலாளி, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போன் வெச்சிருக்கீங்களா?” என்றான் தம்பி. முதலாளி தோளை இறக்கவில்லை. எடுத்து முடிக்கும்வரை மூச்சும் விடவில்லை.

அக்கா படத்தைத் திறந்தார். கதவுக்கு இரண்டு கோடு. நிமிர்ந்தது. பிறகு கோட்டைப் பார்த்தார். தோள் என்னவோ தூக்கியபடி இருந்தது; ஆனால் கீழ்விளிம்பு வலப்பக்கம் இறங்கியிருந்தது. அதே ஒரு விரலுக்கு மேல்.

“டேய், இங்க வா. இதுவும் தொங்குது.”

தம்பி எட்டிப் பார்த்து மகிழ்ந்தான். “அப்ப கத்திரி சொன்னது சரிதான். அந்தாளே கோணல்! போய்ச் சொல்லிடலாமா? நீ சொல்லு, நான் வாசல்ல வண்டிய ஸ்டார்ட்ல வெச்சிருக்கேன்.”

“வெளையாடாத.”

“நான் ஏன் வெளையாடறேன்? கதவு நேரு, தரை நேரு. நீதானே சொன்ன?”

தன் வாக்கியம் தம்பியின் வாயிலிருந்து திரும்பி வந்தபோது அக்காவுக்கு அது சற்றுக் கசந்தது. ஒரு பழைய படத்தைத் திறந்தார். காவல்துறை அதிகாரி. அவரைக் கதவின் முன்னால் நிற்கும் ஒரு சீருடையாகத்தான் இதுவரை தெரியும். இப்போது கதவை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். அதிகாரியின் பெல்ட் வலப்பக்கம் இறங்கியிருந்தது. துப்பாக்கியின் கனம் என்று சொல்லிக்கொண்டார். அடுத்து மணப்பெண். பெண்ணின் தோள் வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. வெட்கம் என்று சொல்லிக்கொண்டார். அடுத்துக் கல்லூரிப் பேராசிரியர். அவருக்குத் துப்பாக்கியும் இல்லை, வெட்கமும் இல்லை. இருந்தும் வலத்தோள் தாழ்ந்துதான் இருந்தது. பிறகு திறந்த படங்களிலெல்லாம் மருத்துவர், நடன ஆசிரியை, இரட்டைப் பிள்ளைகள் என்று ஊரே வரிசையாக வந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. எல்லோருக்கும் பின்னால் கதவு மட்டும் நீதிபதியைப்போல் நிமிர்ந்திருந்தது.

சிறிய அளவில் அச்சிட்ட படங்களில் இவ்வளவு சாய்வு கண்ணில் படாது. கொஞ்சம் ஒயிலாக நிற்கிறார் என்று வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். ஆளுயரம் வந்த பிறகல்லவா குட்டு உடைந்தது!

“ஊர்ல எல்லாருக்குமாடா வலது தோள் எறங்கும்?” என்றார் அக்கா.

“வரி கட்டிக் கட்டி எறங்கியிருக்கும்.”

அடுத்து வந்த படம், யாரும் வாங்கிக்கொள்ளாமல் கிடந்த படம். ஒரு கொத்தனார் தன் தொழிற்பெருமை விளங்க, ஒரு கையில் சாந்து பூசும் கரணையும் மறு கையில் தூக்குக்குண்டுமாக நின்று எடுத்துக்கொண்டது. நூலின் நுனியில் கனத்த குண்டு தொங்கும் அந்தக் கருவியைத்தான் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடுவார்கள். படத்தை வாங்க வந்த அன்று அவர் அதைப் பார்த்துவிட்டு, “நூல் சாஞ்சிருக்கே, இத எப்படி நான் வீட்ல மாட்டுவேன்? எனக்கு எவன் சுவரு கட்டக் குடுப்பான்?” என்று கேட்டது அக்காவுக்கு நினைவு வந்தது. தான் சொன்ன பதிலும் நினைவு வந்தது. “விசிறிக் காத்துல ஆடியிருக்கும்” என்றிருந்தார்.

அந்தக் கடையில் படமெடுக்கும்போது விசிறி ஓடாது. முடி பறக்குமென்று அவரேதான் நிறுத்திவைப்பார்.

படத்தில் நூல், இறுக்கிப் பிடித்த கம்பிபோல், ஒரு நெளிவில்லாமல் சாய்ந்திருந்தது. காற்றில் ஆடும் நூல் அப்படி நிற்காது. அக்கா நூலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ஒன்று தச்சர் செய்தது. மற்றது பூமி இழுப்பது.

எழுந்து போய்க் குடிநீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். கம்பளத்தின் ஒரு முனையைப் புரட்டி, தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு நொடி யோசித்தது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல், கதவின் முன்னால் நெடுகப் பாய்ந்து வலப்புறச் சுவரை நோக்கி ஓடியது. தம்பி அதன் பின்னாலேயே கம்பளத்தைப் புரட்டிக்கொண்டு போனான். சுவரோரத்தில், துருப்பிடித்த ஒரு வடிகால் தட்டு அந்தத் தண்ணீரை வாய் திறந்து வாங்கிக்கொண்டது. பக்கத்தில் சுழல் நாற்காலி, எத்தனையோ காலமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுபோல், சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

“இது முன்னால பால் டிப்போக்கா,” என்றான் தம்பி. “கேன் கழுவி ஊத்தற தண்ணி ஓடறதுக்குத் தரையச் சரிச்சு விட்டிருக்கான்.”

அக்கா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். கதவில் குற்றமில்லை. நான்கு மூலையும் மூலைமட்டத்துக்கு அடங்கியவைதாம். ஆனால் சரிந்த தரையில் ஊன்றிய சரியான கதவு, தரையோடு சேர்ந்து சரிந்து நின்றது. அதன் முன் வந்து நின்றவர்களோ, மனிதர் எங்கும் நிற்பதுபோல், ஒரு முழங்காலைச் சற்று மடக்கித் தம் உடம்பை நேராகவே வைத்துக்கொண்டார்கள். அவர் கதவை நிமிர்த்தியபோதெல்லாம் படம் முழுவதும் திரும்பியது. கதவு நேரானது, கதவோடு தரையும் நேரானது, நேராக நின்ற மனிதர் மட்டும் கோணலானார். நூல் பிடித்த கதவு, தட்டுப் போன்ற தரை என்று ஊர் முன்னால் சாட்சி சொன்னாரே, அந்த இரண்டு சாட்சிகளும் கூட்டுக் களவாணிகள்.

“சும்மா விட்ருக்கா,” என்றான் தம்பி, அவருடைய முகத்தைப் பார்த்து. “ரெண்டாவது படத்த மட்டும் கொஞ்சம் சாய்வு எடுத்துக் குடுத்துட்டா மொதலாளிக்குத் திருப்தி. யாருக்குத் தெரியப் போகுது?”

“கத்திரி அண்ணனுக்குத் தெரியும். அவரு கோட்டு நேருன்னு அவருக்குத் தெரியும்டா.” அக்கா புடவையைப் பிழிந்துகொண்டே எழுந்தார். “போய் அந்தக் கொத்தனார் அண்ணனக் கூட்டிட்டு வா. குண்டோட.”

கொத்தனார் வந்தார். கதவின் மேற்சட்டத்தில் இடச்சட்டத்தை ஒட்டி நூலைப் பிடித்தார். குண்டு கீழே வந்து, ஆட்டம் நின்றபோது, சட்டத்தின் அடியைவிட்டு நான்கு விரல் வலப்பக்கம் தள்ளி நின்றது. அவர் அதை நெடுநேரம் ரசித்தார்.

“ஏம்மா, விசிறி ஓடுதா?” என்றார்.

“அடிக்கறதா இருந்தா நேரா அடிச்சிருங்கண்ணே.”

“நேரா அடிக்க முடியாது தாயி. உங்க கடையில எது நேருன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றவர், கத்திரியின் கதையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, குண்டையும் நூலையும் சுருட்டி அக்காவின் கையிலேயே கொடுத்தார்.

அக்கா கத்திரியின் கோட்டோடு எடுத்த முதல் படத்தைப் புதிதாகத் திறந்தார். தம்பி அருகில் நின்று எடுத்ததால் வந்த குற்றத்துக்குக் கதவின் இரு சட்டங்களே இன்னும் போதுமானவை. அவை ஒன்றுக்கொன்று இணையானவை என்பது பொய்யில்லையே. ஆகவே பழையபடி கோடு போட்டுக் கால்நீட்டத்தையும் பின்சாய்வையும் தீர்த்தார். பிறகு கொத்தனாரின் படத்தில் நூலை நிமிர்த்த எவ்வளவு திருப்ப வேண்டியிருந்ததோ, அதே அளவு இதையும் திருப்பினார். முதலாளி நிமிர்ந்தார். கோட்டு நிமிர்ந்தது. கதவும் தரையும் குடித்தவை போலச் சரிந்தன. அப்படியே ஆளுயரத்தில் அச்சிட்டு, கத்திரியின் வீட்டு வாசலுக்குப் போனார்.

“அண்ணே, துணிக்கடைக்கு வாங்க.”

“எதுக்கு? இன்னும் என்ன மிச்சம் இருக்கு வாங்க?”

“வாங்க இல்லண்ணே. திருப்பிக் குடுக்க.”

கத்திரி வந்தார். ஆனால் வழி முழுவதும் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய வசவு.

விற்பனைக்கூடத்தில் முதலாளி, அவர் மனைவி, அன்று கைதட்டிய அதே சிப்பந்திகள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அக்கா வந்திருந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழைய படத்தின் மேலே, கோட்டின் முதல் பொத்தானுக்கு நேராக நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். கீழே போகப் போகப் பொத்தான்கள் நூலைவிட்டு ஒவ்வொன்றாக விலகின. அதே நூலைப் புதிய படத்தின் மேல் பிடித்தார். குண்டு ஆடி அடங்கியது. மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தான்களும் நூலுக்குள் ஒளிந்துகொண்டன.

“இவ்வளவு பேருக்கு முன்னாலதான் அன்னிக்குச் சொன்னேன். அதனால இவ்வளவு பேருக்கு முன்னாலயே சொல்றேன். கோட்டும் நேரு, மொதலாளியும் நேரு. எங்க கடைத் தரைதான் கோணல். கதவும் அதோட சேந்து கோணல். அது தெரியாம நான் கதவ நம்பி மனுசங்களச் சாச்சுட்டேன். அண்ணன் சத்தியம் பண்ணியும் கேக்கல. தப்பு என்னோடது.”

முதலாளியின் மனைவி நாடாவை எடுத்து, இந்த முறை உயிருள்ள முதலாளியை இழுத்து நிறுத்தி, அந்தக் கோட்டையே போடவைத்து, கடையின் சமமான தரையிலிருந்து இரு பக்கமும் அளந்தார். ஒரே அளவு. இன்னொரு முறை அளந்தார். “ம்,” என்றார். அந்த அம்மாளின் அகராதியில் அது பாராட்டு.

முதலாளிக்குத் தான் கோணல் இல்லை என்ற செய்தியில் முகம் மலர்ந்தது. புதிய படத்தைப் பார்த்ததும் மறுபடி சுருங்கியது.

“ஏம்மா, இந்தக் கதவு என்ன இப்படிச் சரிஞ்சு நிக்குது? கட வாசல்ல இதயா வெக்கறது? கதவையும் நிமித்துங்க, என்னையும் நிமித்துங்க.”

“ஒண்ண நிமித்தினா இன்னொண்ணு சாயும் மொதலாளி. ரெண்டும் ஒரே படத்துல நிக்குது. கதவுக்கு அடியில ஆப்பு வெச்சாச்சு. அண்ணன் கோட்டப் போட்டுக்கிட்டு ஒருதடவ வாங்க, என் செலவுல திரும்ப எடுத்துத் தர்றேன்.”

“அந்தப் படத்துக்குத் தோளத் தூக்க வேண்டாம் மொதலாளி,” என்றான் தம்பி.

முதலாளி கத்திரியைப் பார்த்தார். கத்திரி கூரையைப் பார்த்தார்.

“நீங்க என்னைக் கோணல்னு சொன்னீங்க,” என்றார் முதலாளி.

“கோட்டு நேருன்னும் சொன்னேன். அத மட்டும் கேட்டுக்காம விட்டுட்டீங்க.”

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் கையிலிருந்த நாடாவைப் பார்த்து, அதை விழுங்கிக்கொண்டார். “மேச உங்களோடதுதான். நாளைக்கு வாங்க.”

“நாளைக்கா?” கத்திரி சன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய வெட்டுமேசை கண்ணுக்கே தெரியவில்லை. ஆயத்த ஆடைகளின் அட்டைப்பெட்டிகள் அதன்மேல் கூரைவரை ஏறியிருந்தன.

சிப்பந்திகள் நகர்வதற்கு முன்பே அக்கா நகர்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பெட்டியை இறக்கினார். தம்பி உதவிக்கு வந்தபோது கையை நீட்டித் தடுத்தார். “அடுக்க வெச்சது என் வாய். எறக்க வேண்டியதும் நான்தான்.” ஒவ்வொரு பெட்டியாக இறக்கி எதிர்ச்சுவரோரம் அடுக்கினார். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. மேசையின் பலகை தெரியத் தெரிய, கத்திரி தன் உள்ளங்கையால் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெட்டி இறங்கியதும் கத்திரிக்கோலைப் பையிலிருந்து எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, அக்காவிடம் வாய் திறந்தார்.

“தங்கச்சி, நீ அடுக்கின அடுக்கு சாயுது.”

அக்கா திரும்பினார். அவருடைய கண்கள் பழக்கத்தில் ஒரு கதவுச் சட்டத்தைத் தேடிப் பாதி வழி போயின. அங்கிருந்து அவற்றைத் திருப்பிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த குண்டையும் நூலையும் எடுத்து அடுக்கின்மேல் பிடித்தார். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார்.

“ஆமாண்ணே,” என்றார். மேலிருந்த பெட்டியை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார்.